வீட்டை விற்றுவிட்டார்கள்: குடியிருப்பவரின் உரிமை எங்கே நிற்கிறது?

ஒரு மாலையில் கதவு தட்டப்படுகிறது. முன்பின் தெரியாத ஒருவர் கையில் பத்திர நகலுடன் நிற்கிறார். "இந்த வீட்டை நான் வாங்கிவிட்டேன், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள்" என்கிறார். பழைய உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தால் எடுப்பதில்லை. இரண்டு நாள் கழித்து எடுத்து, "எனக்கு ஒன்றும் தெரியாது, அவரிடமே பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். எங்களிடம் வரும் வாடகை வழக்குகளில் கணிசமானவை இப்படித்தான் தொடங்குகின்றன.

இந்த நிலையில் எந்தக் குடும்பமும் தடுமாறத்தான் செய்யும். ஆனால் தலித் குடும்பங்களுக்கு இதில் கூடுதலான ஒரு சுமை இருக்கிறது. வேறு வீடு தேடிப் போகும் ஒவ்வொரு தெருவிலும் "நீங்கள் எந்த ஆட்கள்?" என்ற கேள்வி காத்திருக்கிறது. நேரடியாகக் கேட்காதவர்கள் சொந்த ஊரைக் கேட்பார்கள், அசைவம் சமைப்பீர்களா என்று கேட்பார்கள். ஒரு வீடு கிடைக்க ஆறு மாதம் அலைந்த குடும்பத்தைப் பதினைந்து நாளில் வெளியேறச் சொல்வது, மற்றவர்களிடம் அப்படிச் சொல்வதற்கு ஒப்பானதன்று. இன்னொன்றும் உண்டு. நம் மக்களுக்கு வாடகைக்கு விடும் உரிமையாளர்களில் பலர் எழுத்து மூலம் எதையும் தருவதில்லை. வாடகை ரொக்கமாகப் போகிறது, ரசீது வருவதில்லை. வீடு கைமாறும் நாளில்தான் அந்த வெற்றிடம் தெரிகிறது.

எனவே, தமிழ்நாட்டில் மாத வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் வீடு விற்கப்பட்டால் சட்டத்தில் என்ன மாறுகிறது, என்ன மாறுவதில்லை என்பதை ஒரு குடும்பத்தின் நிலையை எடுத்துக்கொண்டு விளக்குகிறோம். இந்தக் குடும்பம் நாங்கள் பார்த்த பல வழக்குகளின் கூறுகளைச் சேர்த்து அமைத்தது, குறிப்பிட்ட ஒருவருடையது அன்று.

வட சென்னையில் ஒரு முதல் மாடி வீடு. கணவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், மனைவி இரண்டு வீடுகளில் வேலை பார்க்கிறார், இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். 2021 ஜூன் மாதம் குடிவந்தார்கள். வாடகை 7,000 ரூபாய், முன்பணம் 70,000 ரூபாய். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணத்தின் அளவாகக் குறிக்கிறது. சென்னையின் வழக்கம் இன்னமும் பத்து மாதம்தான். தொடக்கத்தில் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம் ஒன்று எழுதினார்கள். அது முடிந்தபின் புதுப்பிக்கவில்லை, வாடகை மட்டும் போய்க்கொண்டிருந்தது. இந்த ஆண்டு மார்ச் 12ஆம் தேதி வீடு விற்கப்பட்டுப் பத்திரம் பதிவானது. யாரும் இவர்களிடம் சொல்லவில்லை. ஏப்ரல் 5ஆம் தேதி வழக்கம்போல் மார்ச் மாத வாடகையைப் பழைய உரிமையாளர் வாங்கிக்கொண்டார். ஏப்ரல் 20ஆம் தேதி புதிய உரிமையாளர் வந்தார். மார்ச் மாத வாடகையைத் தனக்குத் தர வேண்டும், அதற்கு முன்பிருந்த பிப்ரவரி மாதப் பாக்கியையும் தர வேண்டும், மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும், முன்பணத்தைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார்.

இந்த நான்கு கோரிக்கைகளில் ஒன்றுகூட, அவர் சொன்ன வடிவில், சட்டப்படி நிற்காது.

விற்பனையால் குடியுரிமை முடிவதில்லை

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 109ஆம் பிரிவு. எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். வாடகைக்கு விடப்பட்ட சொத்தை உரிமையாளர் விற்றால், வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார். அவருக்கு இருந்த உரிமைகள் இவருக்கு வருகின்றன. குடியிருப்பவர் விரும்பினால் அவருடைய பொறுப்புகளும் இவர்மீது வந்து சேருகின்றன. அதாவது மாறுவது உரிமையாளர் மட்டுமே. வாடகை உறவு அதே வாடகையில், அதே நிபந்தனைகளுடன் தொடர்கிறது. இதற்குக் குடியிருப்பவர் சம்மதக் கையெழுத்துப் போடவும் வேண்டியதில்லை, புதிதாக ஒப்பந்தம் எழுதவும் வேண்டியதில்லை. பத்திரம் பதிவானதும் சட்டமே இந்த உறவை உண்டாக்கிவிடுகிறது.

"ஆள் இருப்பது எனக்குத் தெரியாது, காலி வீடு என்று சொல்லித்தான் விற்றார்கள்" என்று வாங்கியவர் சொல்வதுண்டு. அந்த வாதமும் எடுபடாது. ஒரு சொத்தில் ஒருவர் நேரடியாகக் குடியிருந்தால், அவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கருதப்படும் என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவிலுள்ள விளக்கம் கூறுகிறது. வாங்குவதற்கு முன் கதவைத் தட்டி, "நீங்கள் யார், எந்த அடிப்படையில் இருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டியது வாங்குபவரின் கடமை. கேட்காமல் விட்டதன் விளைவைக் குடியிருப்பவர் சுமக்க வேண்டியதில்லை.

கிரயப் பத்திரங்களில் "சொத்தின் சுவாதீனத்தை இன்றே ஒப்படைத்துவிட்டேன்" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். பத்திரம் எழுதுவோர் வழக்கமாகச் சேர்க்கும் வரி அது. அதைக் காட்டி, "பார், வீடு என் சுவாதீனத்தில் இருப்பதாகப் பத்திரமே சொல்கிறது" என்று மிரட்டப்பட்டுப் பயந்துபோய் எங்களிடம் வந்தவர்கள் உண்டு. இருவர் தங்களுக்குள் எழுதிக்கொண்ட வரி, அந்த எழுத்தில் இடம்பெறாத மூன்றாமவரின் உரிமையை அழித்துவிடாது. வீட்டுக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது காலிச் சுவாதீனம் என்பது தாளில் மட்டுமே இருக்கிறது.

இங்கே ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். விற்பனையால் குடியுரிமை முடிவதில்லை என்பது உண்மை. விற்பனையால் அது புதிதாக நீள்வதும் இல்லை. பழைய உரிமையாளர் எந்தக் காரணங்களுக்காக, எந்த வழியில் வெளியேற்றியிருக்க முடியுமோ, அதே காரணங்களும் அதே வழியும் புதியவருக்கும் உண்டு. மூன்றாண்டு என்று எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இருந்தால் அந்த மூன்றாண்டும் புதியவரைக் கட்டுப்படுத்தும். பதிவு செய்யாத 11 மாதத் தாள் காலாவதியாகி வாடகை மட்டும் போய்க்கொண்டிருந்தால், நிலை மாதாந்திர வாடகைதாரர் என்பதுதான். அதேபோல், விற்கும்போது முதலில் எனக்குத்தான் தர வேண்டும் என்று கேட்கும் உரிமையும் சாதாரண வீட்டு வாடகைதாரருக்கு இல்லை. மனையை மட்டும் வாடகைக்கு எடுத்து அதில் தாமே வீடு கட்டிக்கொண்டவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது தனிக் கட்டுரைக்குரியது.

யாரிடம் வாடகை தருவது?

புதியவர் வந்து நின்றதும் செய்யக்கூடிய பெரிய தவறுகள் இரண்டு. ஒன்று, பயந்துபோய்க் கேட்டதையெல்லாம் ரொக்கமாகக் கொடுப்பது. மற்றொன்று, கோபத்தில் "நீ யார், உன்னை எனக்குத் தெரியாது" என்று சொல்லி வாடகையை நிறுத்திவிடுவது. இரண்டாவது தவறுதான் பின்னால் அதிகம் வலிக்கிறது.

வாங்கியதாகச் சொல்பவரிடம் பத்திரத்தின் நகலைக் கேட்பது நம் உரிமை. குடியிருக்கத் தொடங்கியபோது யாரை உரிமையாளராக ஏற்றோமோ அவருடைய உரிமையை மறுக்கக் கூடாது என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. அவரிடமிருந்து வாங்கியதாகச் சொல்லி வருபவர் உண்மையில் வாங்கியிருக்கிறாரா என்று கேட்பதை அந்த விதி தடுப்பதில்லை. நகலில் பத்திர எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவை இருக்கும். பதிவுத் துறையின் tnreginet.gov.in தளத்தில் வில்லங்க விவரத்தைப் பார்த்தால் அந்த எண்ணில் விற்பனை பதிவாகியிருக்கிறதா, எந்தத் தேதியில், யாருக்கு என்பது தெரிந்துவிடும். பல நேரங்களில் கையில் பத்திரமே இல்லாமல் வெறும் விற்பனை ஒப்பந்தத்தை, அதாவது முன்பணம் கொடுத்து எழுதிக்கொண்ட 'அக்ரிமெண்ட்' தாளை வைத்துக்கொண்டு வருகிறார்கள். விற்பனை ஒப்பந்தம் ஒருவரை உரிமையாளர் ஆக்காது. கிரயம் பதிவாகும்வரை வாடகை பழையவருக்கே உரியது.

விற்பனை உண்மை என்று தெரிந்த பிறகும் "நீ உரிமையாளர் அல்லர்" என்றோ, "வீடு எனக்கே சொந்தம்" என்றோ எழுத்தில் மறுத்தால், அந்த மறுப்பே வெளியேற்றுவதற்கான காரணமாக மாறிவிடக்கூடும். விவரம் கேட்பது வேறு, உரிமையை மறுப்பது வேறு. எழுதும் ஒவ்வொரு வரியிலும் இந்த வேறுபாடு தெளிவாக இருக்க வேண்டும்.

இனி நம் குடும்பத்தின் கணக்கைப் பார்ப்போம். மார்ச் மாத வாடகை ஏப்ரல் 5ஆம் தேதி பழையவரிடம் போய்விட்டது. விற்பனை மார்ச் 12ஆம் தேதியே நடந்திருந்தாலும் அது குடும்பத்துக்குத் தெரியாது, தெரிந்திருக்கக் காரணமும் இல்லை. அப்படிக் கொடுத்த வாடகையை இரண்டாம் முறை புதியவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று 109ஆம் பிரிவே சொல்கிறது. வாங்கியவர் அதை விற்றவரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். பிப்ரவரி மாதப் பாக்கி விற்பனைக்கு முந்தையது. விற்பனைக்கு முன் செலுத்த வேண்டியதாகிவிட்ட வாடகையின்மீது புதியவருக்கு உரிமை இல்லை என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அந்தப் பாக்கியை வசூலிக்கும் உரிமையைப் பழையவர் தனியாக எழுதிக் கொடுத்திருந்தால் மட்டுமே புதியவர் கேட்க முடியும். ஏப்ரல் 20ஆம் தேதி விற்பனை தெரிந்துவிட்டது. எனவே மே மாதத் தொடக்கத்தில் செலுத்த வேண்டிய ஏப்ரல் வாடகையிலிருந்து புதியவருக்குத்தான் தர வேண்டும். அந்த நாளுக்குப் பிறகும் பழக்கத்தால் பழையவருக்கே கொடுத்தால், மறுபடியும் கொடுக்க நேரும்.

வாடகையை வங்கிவழி அனுப்புவது நல்லது. வாங்கவே மறுத்தால், அல்லது விற்றவரும் வாங்கியவரும் ஆளுக்கொரு பக்கம் வாடகை கேட்டால், வாடகை அதிகாரியிடம் வாடகையைச் செலுத்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது. துணை ஆட்சியர் நிலையிலுள்ள அலுவலரே வாடகை அதிகாரியாக இருக்கிறார். "முன்பணத்தில் கழித்துக்கொள்ளட்டும்" என்று தாமாகவே முடிவு செய்து வாடகையை நிறுத்துவோர் நம்மில் அதிகம். முன்பணத்துக்கு உத்தரவாதம் இல்லை என்ற அச்சத்தில் அப்படிச் செய்கிறார்கள், அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் இரண்டு மாத வாடகை நிலுவையாகி, அதைக் கேட்டு அறிவிப்பு வந்தபின்பும் செலுத்தாவிட்டால், அது வெளியேற்றத்துக்கான நேரடிக் காரணம். புதிய உரிமையாளர் வேறெதையும் நிரூபிக்க வேண்டியிருக்காது.

முன்பணம் யார் பொறுப்பு?

70,000 ரூபாய். அந்தக் குடும்பத்தின் சேமிப்பே அதுதான். நடைமுறையில் வீடு விற்கும்போது விற்றவரும் வாங்கியவரும் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பார்கள். குடியிருப்பவரின் முன்பணத்தை விலையில் கழித்துக்கொண்டு வாங்குவதே பெருவழக்கு. ஆனால் அதைக் குடியிருப்பவரிடம் சொல்வதில்லை. விற்றவர் "அவரிடம் கேள்" என்பார், வாங்கியவர் "என்னிடம் தரவில்லை" என்பார்.

இந்த விளையாட்டை முறிக்கும் சொல் 109ஆம் பிரிவிலேயே இருக்கிறது. விற்றுவிட்டார் என்ற ஒரே காரணத்தால் பழைய உரிமையாளர் தம் பொறுப்புகளிலிருந்து விடுபடுவதில்லை. குடியிருப்பவர் புதியவரையே பொறுப்பாளியாக ஏற்கிறேன் என்று தேர்ந்துகொண்டால்தான் பழையவர் விடுபடுகிறார். தேர்வு செய்யும் உரிமை குடியிருப்பவருடையது. அந்த உரிமையை அவசரப்பட்டு இழக்கக் கூடாது. "இனி எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு" என்று புதியவருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டால், பிறகு பழையவரிடம் போய் நிற்க முடியாது. அந்த 70,000 ரூபாயைப் புதியவர் ஏற்றுக்கொண்டதற்கு எழுத்து கிடைக்கும்வரை இருவரையும் கட்டி வைத்திருப்பதே சரி.

ஆகவே இந்தக் குடும்பத்துக்காக நாங்கள் எழுதும் முதல் கடிதம் இருவருக்கும் ஒரே நேரத்தில் போகும், ஒப்புதல் அட்டையுடன் தபாலில். அதன் உள்ளடக்கம் ஏறத்தாழ இது:

"மார்ச் 12 தேதியிட்ட கிரயப் பத்திரத்தின்படி இவ்வீட்டைத் தாங்கள் வாங்கியதாக ஏப்ரல் 20 அன்று எனக்குத் தெரிவித்தீர்கள். நான் 2021 ஜூன் முதல் மாதம் 7,000 ரூபாய் வாடகையில் இவ்வீட்டில் குடியிருந்து வருகிறேன். முன்பணம் 70,000 ரூபாயை முந்தைய உரிமையாளரிடம் செலுத்தியுள்ளேன். மார்ச் மாத வாடகையை, விற்பனை பற்றி அறியாத நிலையில், ஏப்ரல் 5 அன்று அவரிடமே செலுத்திவிட்டேன். ஏப்ரல் மாத வாடகை முதல் தங்களுக்குச் செலுத்த ஆயத்தமாக இருக்கிறேன். வங்கிக் கணக்கு விவரத்தைத் தெரிவித்து, ஒவ்வொரு மாதமும் ரசீது தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பைத் தங்கள் இருவரில் யார் ஏற்கிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். அதுவரை அப்பொறுப்பிலிருந்து எவரையும் நான் விடுவிக்கவில்லை."

இந்தக் கடிதத்துக்குப் பதில் வராமல் போகலாம். பதில் வராவிட்டாலும் அது பயன்படும். குடியிருப்பின் தொடக்கம், வாடகைத் தொகை, முன்பணம், வாடகை தர முன்வந்தமை ஆகிய நான்கும் சண்டை முற்றுவதற்கு முன்பே எழுத்தில் பதிந்துவிடுகின்றன. ரசீதே இல்லாமல் நான்கு ஆண்டு வாழ்ந்த குடும்பத்துக்கு இதுவே முதல் ஆவணம். இதனுடன் குடும்ப அட்டை, ஆதார் முகவரி, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, எரிவாயு இணைப்பு, உரிமையாளருக்குக் கைப்பேசிவழி பணம் அனுப்பிய பதிவுகள், முன்பணம் பற்றிப் பேசிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைத் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய 11 மாதத் தாள் பதிவு செய்யப்படாததுதான். என்றாலும் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம், அதில் முன்பணத் தொகையும் கையெழுத்தும் இருக்கின்றன.

'லீஸ்' வீடுகளில் இருப்போருக்கு ஆபத்து பன்மடங்கு. மாத வாடகை இல்லாமல் மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துக் குடியிருக்கும் முறை இது. கழுத்து நகையை விற்றும், வட்டிக்கு வாங்கியும் கொடுத்த பணமாகவே அது பெரும்பாலும் இருக்கும். அந்த ஏற்பாட்டைப் போக்கியமாக, அதாவது சுவாதீன அடமானமாக எழுதிப் பதிவு செய்திருந்தால் வில்லங்கச் சான்றில் அது வந்துவிடும். வாங்குபவர் அந்தச் சுமையுடன்தான் வீட்டை வாங்குகிறார், பணத்தைத் தீர்க்காமல் வீட்டைக் கேட்க முடியாது. நோட்டரி கையெழுத்து மட்டும் வாங்கிய தாளாக இருந்தால் நிலைமை மோசம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கான சுவாதீன அடமானம் பதிவு செய்யப்பட்டால்தான் செல்லும். பதிவு இல்லையென்றால் வீட்டின்மீது அந்தப் பணத்துக்குப் பிடிப்பு இல்லை, பணம் வாங்கிய பழைய உரிமையாளர்மீது பண வழக்குப் போடும் உரிமை மட்டும் எஞ்சும். அதற்கும் மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு. முத்திரைக் கட்டணத்தை மிச்சப்படுத்த நினைத்துப் பதிவைத் தவிர்த்ததன் விலை இதுதான். பெரும்பாலும் மிச்சப்படுத்த நினைத்தது உரிமையாளர், விலை கொடுப்பது குடியிருப்பவர். வீடு விற்பனைக்கு வருகிறது என்று காதில் விழுந்த உடனேயே, விற்பவருக்கும் வாங்கவிருப்பவருக்கும் இந்தப் பணத்தைக் குறிப்பிட்டு அறிவிப்பு அனுப்பிவிட வேண்டும். விலைப்பணம் கைமாறுவதற்கு முன்னால் பேசுவது எளிது. கைமாறிய பிறகு விற்றவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வழக்காகிவிடும்.

கையெழுத்துக்கு வரும் புதிய ஒப்பந்தம்

மிரட்டல் பலிக்காதபோது அடுத்ததாக வருவது ஒரு முத்திரைத்தாள். "சரி, இருங்கள். என் பெயரில் ஒப்பந்தம் மட்டும் போட்டுக்கொள்ளலாம்" என்று பணிவாகவே கேட்பார்கள். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை.

நம் குடும்பத்திடம் நீட்டப்படும் தாளில் இப்படி இருக்கும்: குடியிருப்பு இன்றைய தேதியில் தொடங்குகிறது, காலம் 11 மாதம், வாடகை 10,000 ரூபாய், முன்பணம் என்ற இடம் காலியாக இருக்கிறது அல்லது 'இல்லை' என்று எழுதப்பட்டிருக்கிறது. பழைய வாடகை உறவு நடப்பில் இருக்கும்போதே புதிய வாடகை உறவை ஏற்றுக் கையெழுத்திட்டால், பழையதைத் தாமாகவே ஒப்படைத்துவிட்டதாகச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 111ஆம் பிரிவு கருதுகிறது. ஒரே கையெழுத்தில் நான்காண்டு குடியிருப்பு மறைந்து, 70,000 ரூபாயும் தாளிலிருந்து மறைந்து, பதினோராவது மாதத்தில் காலி செய்ய ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும்.

அப்படியானால் கையெழுத்தே போட மாட்டேன் என்று மறுத்துவிடலாமா? அதுவும் பாதுகாப்பானதன்று. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலிருக்கும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதையும் வலியுறுத்துகிறது. ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வெளியேற்றுவதற்கான காரணங்களில் முதலாவதாக 21ஆம் பிரிவு வைத்திருக்கிறது. உரிமையாளர்கள் மிக அதிகமாகக் கையிலெடுப்பது இந்தக் காரணத்தைத்தான். ஒப்பந்தம் எழுதித் தராமல் நான்காண்டு வாடகை வாங்கியவர்களே பின்பு "ஒப்பந்தம் இல்லை" என்று நீதிமன்றம் போவது கொடுமைதான். இருந்தாலும் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது. எனவே மறுப்பதற்குப் பதிலாக, நம் வாசகத்தை முன்வைக்க வேண்டும். 2021 ஜூன் முதல் தொடரும் குடியிருப்பின் தொடர்ச்சி என்ற வரியும், முன்பணம் 70,000 ரூபாயைப் புதிய உரிமையாளர் ஏற்றுக்கொண்டார் என்ற வரியும், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வாடகையும் இருக்கட்டும். அந்த வரைவை எழுத்தில் அனுப்பி, பதிவுக்கு வர ஆயத்தம் என்று தெரிவித்துவிட்டால், "ஒப்பந்தத்துக்கு வர மறுத்தார்" என்ற குற்றச்சாட்டு வலுவிழக்கிறது. ஒப்பந்தப் பதிவுக்கான அரசின் தளம் tenancy.tn.gov.in. படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளிலும், காலியிடம் விட்ட தாளிலும் கையெழுத்திடக் கூடாது.

புதியவருக்கு உண்மையிலேயே தாம் குடியேற வீடு தேவைப்படலாம். அதுவும் சட்டம் ஏற்கும் காரணமே. ஆனால் அதற்கு அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போய்த் தேவையை மெய்ப்பித்து உத்தரவு பெற வேண்டும். வழக்குக்கு நேரமாகும் என்பதால்தான் பலர் பேச்சுவார்த்தைக்கு வருகிறார்கள். வேறு வீடு கிடைக்கும்வரை ஐந்தாறு மாதம் அவகாசம், முழு முன்பணமும் சாவி ஒப்படைக்கும் அதே நாளில், இரண்டும் எழுத்தில் என்றால் அந்தச் சமரசத்தை ஏற்கலாம் என்றே பல குடும்பங்களுக்கு நாங்கள் சொல்கிறோம். உத்தரவு வந்த பிறகும் வெளியேறாமல் இழுப்பவர்களிடம் வாடகையின் இரட்டிப்பும் அதற்கு மேலும் இழப்பீடாகக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. வழக்கை நீட்டினாலே வெற்றி என்று நினைப்பது வாடகைதாரருக்குக் கடன் சுமையாக முடியலாம்.

பூட்டை உடைத்தால், மின்சாரத்தைத் துண்டித்தால்

நீதிமன்றத்துக்குப் போகாமல் ஆளனுப்பிச் சாமான்களைத் தெருவில் எறிவதும், குழாயையும் மின்சாரத்தையும் நிறுத்துவதும் இன்றும் நடக்கின்றன. குடியிருக்கும் உரிமை முடிந்துவிட்டவரைக்கூடச் சட்ட வழியில்லாமல் வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டில் கிருஷ்ணா ராம் மஹாலே வழக்கில் சொன்னதை இன்றுவரை மாற்றவில்லை. வாடகை உறவு நடப்பிலிருக்கும் குடும்பத்துக்கு அது இன்னும் வலுவாகப் பொருந்தும்.

தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை நிறுத்துவதை வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தடை செய்கிறது. வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் அவற்றை மீட்டுத் தர இடைக்கால உத்தரவு இட முடியும். வெளியேற்ற முயற்சி நடக்கும் என்று தெரிந்தால் முன்கூட்டியே உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். வெளியேற்றியே விட்டார்கள் என்றால், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்வுச் சட்டம், 6ஆம் பிரிவு உதவும். அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே எழாது. நேற்றுவரை யார் இருந்தார், அவரைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றினார்களா என்பது மட்டுமே கேள்வி. ஆனால் வெளியேற்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். உறவினர் வீட்டில் தங்கிப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டே இந்த ஆறு மாதத்தைத் தவறவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம்.

காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்ற பதில் கிடைக்கும். வாடகைத் தகராறு சிவில்தான். பூட்டை உடைத்து உள்ளே நுழைவதும், வழிமறிப்பதும், பொருள்களை நாசம் செய்வதும் குற்றங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, மனு ரசீதைக் கையில் வாங்காமல் திரும்பக் கூடாது.

குடியிருப்பவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகவும், வெளியேற்றுபவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராகவும் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இங்கே வருகிறது. நிலம் மட்டுமன்றி வளாகம், கட்டடம் ஆகியவற்றிலிருந்தும் சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றுவதை, அல்லது அவற்றை அனுபவிப்பதில் குறுக்கிடுவதை, 3(1)(ஜி) பிரிவு குற்றமாக்குகிறது. வீட்டைவிட்டோ ஊரைவிட்டோ போகும்படி கட்டாயப்படுத்துவதை 3(1)(இசட்) பிரிவு குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை. முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்பதை 18ஏ பிரிவு தெளிவாக்கிவிட்டது.

இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தும்போது அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். முறையான அறிவிப்பு அனுப்பி நீதிமன்றம் போகும் புதிய உரிமையாளர், எந்தச் சாதியினராக இருந்தாலும், குற்றம் செய்யவில்லை. சொத்துத் தகராறு என்ற அளவில் மட்டும் இருப்பதை வன்கொடுமையாகக் கொள்ள முடியாது, பாதிக்கப்பட்டவரின் சாதி காரணமாகச் செய்ததாகக் குற்றச்சாட்டு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு ஹிதேஷ் வர்மா வழக்கில் கூறியிருக்கிறது. இழிவுபடுத்தும் சொற்களைப் பற்றிய பிரிவில் எழுந்த தீர்ப்பு அது. என்றாலும் எதிர்த்தரப்பு ஒவ்வொரு வழக்கிலும் அதை எடுத்து வைக்கிறது. ஆகவே என்ன நடந்தது என்பதைப் புகாரில் நுணுக்கமாக எழுத வேண்டும். "உங்கள் ஆட்கள் இருந்த வீட்டை எப்படிப் பூஜை செய்து குடியேறுவது?" என்று கேட்டாரா? அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் வேறு சாதிக் குடும்பத்தை அப்படியே இருக்கவிட்டு, இவர்களை மட்டும் போகச் சொன்னாரா? எந்த நாள், யார் முன்னிலையில், எந்தச் சொல்லால்? நம் அனுபவத்தில், சாதிப் பெயர் சொல்லித் திட்டியதற்குச் சாட்சி கிடைக்காத இடங்களிலும், கீழ்த்தளத்தாரை விட்டுவிட்டு இவர்களை மட்டும் துரத்தியது பேசியிருக்கிறது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதற்காக எவரும் வீட்டைவிட்டு இறங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் அனைவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழு அந்தந்த நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது, 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது சாதிச் சான்று, குடும்ப அட்டை, புதியவர் காட்டிய பத்திரத்தின் நகல் அல்லது கைப்பேசிப் படம், வாடகை அனுப்பிய பதிவுகள், அனுப்பிய கடிதத்தின் தபால் ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பத்திர நகலைக் காட்டியவர் அதைக் கையில் தர மறுத்தால், பத்திர எண்ணையும் தேதியையுமாவது அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.